காலியாக இருக்கும் பதினான்கு அறைகள்

திண்மநிலை பற்றிய எந்தப் பாடநூலைத் திறந்தாலும் அந்த அட்டவணை இருக்கும். இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஏழு படிகத் தொகுதிகள். மேலே குறுக்காக நான்கு வகைக் கூடுகள்: மூலைகளில் மட்டும் புள்ளி வைத்த எளிய கூடு, ஓர் எதிரெதிர் முகச்சோடியின் நடுவில் புள்ளி சேர்த்த கூடு, நட்டநடுவில் புள்ளி வைத்த பொருள் மையக் கூடு, ஆறு முகங்களின் நடுவிலும் புள்ளி வைத்த முகப்பு மையக் கூடு. ஏழு நான்கு இருபத்தெட்டு. ஆனால் படம் வரையப்பட்டிருப்பது பதினான்கு அறைகளில்தான். மீதிப் பதினான்கும் காலி. கல்லூரியில் எங்களுக்கு இதை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள், செய்தோம். நிரம்பிய அறைகளை ஒப்பிக்கத் தெரிந்தது. காலியாக இருப்பவை ஏன் காலி என்று எங்களில் ஒருவரும் கேட்டதாக நினைவில்லை. கேட்டிருந்தால் படிகவியலின் பாதி அங்கேயே விளங்கியிருக்கும்.

அறைகளை எண்ணுவதில் தேர்ந்தவர்களும் தவறியிருக்கிறார்கள். ஜெர்மன் இயற்பியலாளர் மோரிட்ஸ் ஃபிராங்கன்ஹைம் 1835-இல் இந்தக் கணக்கைப் போட்டு 15 என்றார். பிரெஞ்சுக் கடற்படையில் அதிகாரியாக இருந்து பின்னர் பேராசிரியரான ஒகுஸ்த் பிராவே, 1848-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் வைத்த ஆய்வில் அதை 14 என்று திருத்தினார். ஃபிராங்கன்ஹைம் புள்ளி எதையும் தவறவிடவில்லை. ஒரே அணிக்கோவைக்கு இரண்டு பெயர் வைத்து இரண்டு முறை எண்ணிவிட்டார், அவ்வளவுதான். பதினான்கு என்ற எண் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் இரண்டு பதில்களையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். சுழற்சி சில வடிவங்களை அடியோடு தடுக்கிறது. தடுக்கப்படாதவற்றில் பல, வேறு பெயரில் வந்த பழைய ஆட்களே.

முதலில் அணிக்கோவை என்பது என்ன? வெளியில் பரந்து கிடக்கும் புள்ளிகளின் கூட்டம். எந்தப் புள்ளியில் நின்று சுற்றிப் பார்த்தாலும் காட்சி ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அதிலிருந்து ஒரு விளைவு உடனே கிடைக்கிறது. ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும் அம்பை எடுத்து வேறெந்தப் புள்ளியில் வைத்தாலும் அதன் முனையில் ஒரு புள்ளி இருந்தே தீரும். இரண்டு அம்புகளைக் கூட்டினாலும் அப்படியே. கோலத்தின் நேர்ப்புள்ளியும் ஊடுபுள்ளியும் இந்த இலக்கணத்துக்கு உட்பட்டவை. தாளோ வாசலோ எவ்வளவு பெரிதானாலும் அதே வரிசையை நீட்டிக்கொண்டே போகலாம். இருதய கமலத்துக்கு வைக்கும் புள்ளிகள் அப்படியல்ல. நடுவிலிருந்து எட்டுத் திசையில் வரிசையாகப் புள்ளி வைக்கிறோம். எட்டு மடங்குச் சமச்சீர் கிடைக்கிறது, ஆனால் அந்த ஒரு நடுப்புள்ளியைச் சுற்றி மட்டுமே. அடுத்த புள்ளியில் நின்று பார்த்தால் எட்டுக் கைகள் தெரியாது. அது அழகான கோலம்தான், ஆனால் அணிக்கோவை அல்ல.

எட்டு ஏன் முடியாது என்பதை ஒரு சின்னக் கணக்கில் காட்டிவிடலாம். சுழற்சி அச்சுக்குச் செங்குத்தான ஒரு புள்ளித் தளத்தை எடுத்துக்கொள்வோம். அதில் இரு புள்ளிகளுக்கு இடையே இருக்கக்கூடிய ஆகக் குறைந்த தூரம் 1 என்று வைப்போம். ஒரு புள்ளியிலிருந்து அந்த நீளத்துக்கு ஓர் அம்பு வரைந்து, எட்டு மடங்குச் சமச்சீர் இருப்பதாக நம்பி 45 பாகை திருப்புகிறோம். இரண்டு அம்புமுனைகளிலும் புள்ளி இருக்க வேண்டும். அந்த முனைகளுக்கு இடையேயான தூரம் 0.765 தான் வரும். ஆகக் குறைந்த தூரம் 1 என்று சொன்னோம், அதைவிட நெருக்கமாக இரண்டு புள்ளிகள் வந்து நிற்கின்றன. சரி, 0.765-ஐயே புதிய ஆகக் குறைந்த தூரமாக வைத்துக்கொள்ளலாமே என்றால், அதையும் திருப்ப வேண்டும், இன்னும் சிறியது கிடைக்கும். இப்படியே போனால் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்துவிடும், அணு வைக்க இடமே இருக்காது. ஆறு மடங்குக்கு இந்தத் தூரம் சரியாக 1. அது தப்பித்துக்கொள்கிறது. ஏழும் அதற்கு மேலும் எல்லாமே இதே பள்ளத்தில் விழுகின்றன.

ஐந்து மட்டும் இந்தச் சோதனையில் தேறிவிடுகிறது. பக்கத்துப் பக்கத்து முனைகளின் தூரம் 1.176, அதாவது 1-ஐவிடப் பெரியது. அதற்கு வேறு பொறி வைக்க வேண்டும். ஐந்து அம்புகளில் ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தால், கூட்டு அம்பின் நீளம் 0.618. கூட்டின் முனையிலும் புள்ளி இருந்தாக வேண்டும் என்பது நம் இலக்கணம். ஆக ஐந்தும் போயிற்று.

இதையே இன்னும் கறாராகச் சொல்ல ஒரு வழி உண்டு, எனக்கு அதுதான் பிடித்தது. கூட்டின் மூன்று விளிம்பு அம்புகளையும் அளவுகோலாக வைத்துக்கொண்டால், சுழற்றிய பிறகு ஒவ்வோர் அம்பும் பழைய மூன்று அம்புகளின் முழுஎண் மடங்குகளாகவே அமையும், ஏனென்றால் அதன் முனை ஒரு புள்ளியில்தான் விழுகிறது. ஆகச் சுழற்சியை எழுதும் அணியில் ஒன்பது இடங்களிலும் முழுஎண்கள். அந்த அணியின் மூலைவிட்டக் கூட்டுத்தொகையும் முழுஎண். எந்த அளவுகோலில் எழுதினாலும் அந்தக் கூட்டுத்தொகை மாறாது என்பது அணிக் கணக்கின் பாலபாடம். வழக்கமான செங்குத்து அச்சுகளில் அதை எழுதினால் 1 + 2cosθ. எனவே 2cosθ முழுஎண்ணாக இருக்க வேண்டும். அது −2-க்கும் 2-க்கும் இடையில்தான் இருக்க முடியும். −2, −1, 0, 1, 2 என ஐந்தே வாய்ப்புகள்: 180, 120, 90, 60, 360 பாகைகள். இரண்டு, மூன்று, நான்கு, ஆறு மடங்குச் சுழற்சிகள், ஒன்றும் செய்யாத ஒன்று. 72 பாகைக்கு 2cosθ 0.618, முழுஎண் அல்ல. கதவு மூடிக்கொண்டது.

அனுமதி பெற்ற இந்த அச்சுகளை முப்பரிமாண வெளியில் ஒரு புள்ளியின் வழியாக எப்படியெல்லாம் கோத்து நிறுத்தலாம் என்று பார்த்தால், அணிக்கோவைகளுக்கு ஏழே ஏழு ஏற்பாடுகள்தான் தேறுகின்றன. அச்சே இல்லாத முச்சரிவு, ஒரே ஓர் இரட்டை அச்சுள்ள ஒற்றைச்சரிவு, ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று இரட்டை அச்சுகளுள்ள செஞ்சாய்சதுரம், ஒரு நான்மடங்கு அச்சுள்ள நாற்கோணகம், ஒரு மும்மடங்கு அச்சுள்ள சாய்சதுரம், ஓர் ஆறுமடங்கு அச்சுள்ள அறுகோணம், கடைசியாகக் கனசதுரம். கனசதுரத்தின் அடையாளம் நான்மடங்கு அச்சு என்றுதான் பலரும் நினைக்கிறோம், அது பிழை. மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் செல்லும் நான்கு மும்மடங்கு அச்சுகள்தான் அதன் அடையாளம். சந்தேகம் இருந்தால் ஓர் இரும்புப் பைரைட் கட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். கச்சிதமான கனசதுரம், பித்தளை நிறம். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் முகங்களில் மெல்லிய கோடுகள் தெரியும். ஒரு முகத்தில் அவை ஒரே திசையில் ஓடும், அடுத்த முகத்தில் அதற்குச் செங்குத்தாக, மூன்றாவதில் இரண்டுக்கும் செங்குத்தாக. ஒரு முகத்தைப் பார்த்தபடி 90 பாகை திருப்பினால் நிமிர்ந்து நின்ற கோடு படுத்துவிடும், காட்சி மாறிவிடும். மூலையைக் கண்முன் பிடித்து 120 பாகை திருப்பினால் மட்டும் கோடுகள் அப்படியே பொருந்தும். பைரைட்டின் புள்ளிகள் கனசதுர அணிக்கோவையில்தான் இருக்கின்றன. அந்தப் புள்ளிகளில் தொங்கும் அணுக்கூட்டம்தான் நான்மடங்கு அச்சைக் கெடுக்கிறது. அணிக்கோவையின் சமச்சீர் ஓர் உச்சவரம்பு. படிகம் அதற்குக் கீழே இறங்கலாம், மேலே ஏற முடியாது.

இனி அட்டவணைக்கு வருவோம். கூட்டின் நடுவில் புள்ளி வைப்பது எதற்கு? உண்மையில் எந்த அணிக்கோவைக்கும் மூலைகளில் மட்டும் புள்ளியுள்ள ஓர் எளிய கூட்டைத் தேடிப் பிடித்துவிடலாம். ஆனால் அந்தக் கூடு கோணல்மாணலாக இருக்கும், அணிக்கோவையின் சமச்சீர் அதில் தெரியாது. சமச்சீர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே பெரிய, நேரான கூட்டைத் தேர்ந்து, உள்ளே அகப்படும் புள்ளிகளைக் கணக்கில் சேர்க்கிறோம். அட்டவணையின் ஓர் அறை நிரம்ப இரண்டு நிபந்தனைகள். சேர்த்த புள்ளி அந்தத் தொகுதியின் சுழற்சியைக் கெடுக்கக் கூடாது. அதே தொகுதிக்குள்ளேயே அதைவிடச் சிறிய கூட்டைத் தேர்ந்து அந்தப் புள்ளியை மூலைக்குத் தள்ளிவிடவும் முடியக் கூடாது.

முச்சரிவில் காக்க வேண்டிய அச்சே இல்லை, ஆகவே எந்தக் கூட்டையும் எளியதாக்கிவிடலாம், ஓர் அறைதான். செஞ்சாய்சதுரத்தில் மூன்று விளிம்பும் மூன்று நீளம். கூட்டைத் திருப்பி வெட்டினால் செங்கோணம் போய்விடும், ஆகவே நான்கும் நிற்கின்றன. சுவாரசியம் எல்லாம் நாற்கோணகத்தில் இருக்கிறது. அதன் அடி சதுரம், உயரம் வேறு. அட்டவணையில் எளிய கூடும் பொருள் மையக் கூடும் உண்டு, முகப்பு மையக் கூட்டின் இடம் காலி. ஏன்?

பேனாவை எடுத்து ஒரு தாளில் வரைந்துவிடுவோம். முகப்பு மைய நாற்கோணகக் கூடுகள் இரண்டை அடுத்தடுத்து வைத்து மேலிருந்து பார்க்கிறோம். தாளில் தெரிவது, ஒரு பக்கத்தைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு சதுரங்கள். அவற்றின் மூலைகளிலும் ஒவ்வொன்றின் நடுவிலும் தரைமட்டப் புள்ளிகள். பகிர்ந்த பக்கத்தின் இரண்டு முனைகளையும், இரண்டு சதுரங்களின் நடுப்புள்ளிகளையும் சேர்த்தால் 45 பாகை சாய்ந்த ஒரு புதிய சதுரம் கிடைக்கும். இந்தப் புதிய சதுரத்தின் நடுவில் என்ன இருக்கிறது? பகிர்ந்த பக்கத்தின் நடுப்புள்ளி. அதற்கு நேர் மேலே, பாதி உயரத்தில், இரண்டு கூடுகளுக்கும் பொதுவான பக்கச்சுவரின் முகமையப் புள்ளி இருக்கிறது. ஆகப் புதிய கூட்டில் மூலைகளில் புள்ளி, நட்டநடுவில் புள்ளி. இது பொருள் மைய நாற்கோணகக் கூடு. உயரம் அதே, அடிப்பக்கம் √2-ஆல் வகுபட்டிருக்கிறது, கொள்ளளவு பாதி. அந்த அறை காலியாக இருப்பதன் காரணம் இயற்கை தடுத்தது அல்ல. அதில் குடியிருக்க வேண்டியவர் ஏற்கெனவே பக்கத்து அறையில் வேறு பெயரில் இருக்கிறார்.

இண்டியம் உலோகத்தில் இதை எண்களோடு பார்க்கலாம். சில நூல்கள் அதைப் பொருள் மைய நாற்கோணகம் என்று சொல்லி, அடிப்பக்கம் 3.25, உயரம் 4.95 ஆங்ஸ்ட்ராம் என்று எழுதும். வேறு சில, முகப்பு மைய நாற்கோணகம் என்று சொல்லி, அடிப்பக்கம் 4.60, உயரம் 4.95 என்று எழுதும். முதல் கூட்டில் இரண்டு அணு, இரண்டாவதில் நான்கு. 3.25-ஐ √2-ஆல் பெருக்குங்கள், 4.60 வரும். இரண்டும் ஒரே இண்டியம். இரண்டாவது பெயரை விட்டுவிட மனம் வராததற்கும் நியாயம் உண்டு. 4.95-க்கும் 4.60-க்கும் விகிதம் 1.076, அதாவது இண்டியம் கொஞ்சம் இழுக்கப்பட்ட முகப்பு மையக் கனசதுரம் என்பது அந்தப் பெயரில்தான் பளிச்சென்று தெரிகிறது. பெயரை விரும்பியபடி வைத்துக்கொள்ளலாம். எண்ணும்போது மட்டும் ஒன்றாக எண்ண வேண்டும்.

இங்கே கூர்மையான வாசகருக்கு ஒரு கேள்வி எழும். இதே வெட்டு வேலையைக் கனசதுரத்திலும் செய்யலாமே, அங்கே முகப்பு மையமும் பொருள் மையமும் ஏன் தனித்தனியாக நிற்கின்றன? செய்யலாம். முகப்பு மையக் கனசதுரத்தை அப்படி வெட்டினால் உயரம் அடிப்பக்கத்தைப் போல 1.414 மடங்குள்ள பொருள் மையக் கூடு கிடைக்கும். ஆனால் அது கனசதுரமல்ல. நான்கு மும்மடங்கு அச்சுகளும் அந்தக் கூட்டில் மறைந்துவிடும், எனவே அதை ஏற்க மாட்டோம். விகிதம் சரியாக 1 ஆக இருந்தால் மட்டுமே அது பொருள் மையக் கனசதுரம். பொருள் மைய நாற்கோணகம் என்பது ஒரு நீண்ட சாலை என்றால், 1 என்ற மைல்கல்லிலும் 1.414 என்ற மைல்கல்லிலும் சமச்சீர் திடீரென்று ஏறிக் கனசதுரமாகிறது. இடையிலும் அப்பாலும் வெறும் நாற்கோணகம். இது காகிதக் கணக்கு மட்டுமல்ல. எட்கர் பெய்ன் 1924-இல் எஃகு கடினமாவதை இந்தச் சாலையை வைத்தே விளக்கினார். உயர் வெப்பத்தில் இரும்பு முகப்பு மையக் கனசதுரம். சட்டென்று குளிரவைக்கும்போது உயரம் ஏறக்குறைய 20 விழுக்காடு சுருங்கி, பக்கங்கள் 12 விழுக்காடு விரிந்து, விகிதம் 1.414-இலிருந்து 1-ஐ நோக்கி இறங்குகிறது. கரிம அணுக்கள் உள்ளே மாட்டிக்கொண்டால் 1-ஐ எட்டாமல் சற்று மேலேயே நின்றுவிடும். கொல்லன் பழுக்கக் காய்ச்சிய உளியைத் தண்ணீரில் தோய்க்கும்போது நடப்பது அதுதான்.

மற்றக் காலி அறைகளைச் சீக்கிரம் கடந்துவிடலாம். கனசதுரத்தில் மேல்கீழ் முகங்களில் மட்டும் புள்ளி வைத்தால், மும்மடங்கு அச்சு அந்தப் புள்ளியைப் பக்கச்சுவருக்குக் கொண்டுபோகும். அங்கே புள்ளி இல்லை. ஆகச் சமச்சீர் உடைந்துவிட்டது. இரண்டு முகச்சோடிகளில் மட்டும் வைப்பது எந்தத் தொகுதியிலும் நடக்காது, ஏனென்றால் அந்த இரண்டு அம்புகளைக் கூட்டினால் மூன்றாவது முகத்தின் நடுவில் புள்ளி தானாக முளைக்கும். அதனால்தான் அட்டவணையில் அதற்கென்று ஒரு நிரல்கூட இல்லை. ஃபிராங்கன்ஹைம் சறுக்கியது ஒற்றைச்சரிவில். அதில் அச்சுக்குச் செங்குத்தான அடி வெறும் இணைகரம், அதை எந்தச் சாய்விலும் வெட்டிக்கொள்ள உரிமை உண்டு. பொருள் மையக் கூட்டின் அடியை அதன் மூலைவிட்டத்தின் வழியாக மாற்றி வெட்டினால், நடுவில் இருந்த புள்ளி ஒரு பக்கமுகத்தின் நடுவுக்கு வந்துவிடும். இரண்டு கூடும் ஒன்றுதான். எக்ஸ்-கதிரே கண்டுபிடிக்கப்படாத காலத்தில் மனக்கண்ணில் இதைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் ஃபிராங்கன்ஹைமின் மீது கோபம் வராது.

அறுகோணமும் சாய்சதுரமும் மட்டும் இன்றுவரை மாணவரைக் குழப்புகின்றன. நியாயமான குழப்பம்தான். குவார்ட்ஸ் படிகத்தில் மும்மடங்கு அச்சே உண்டு, ஆனால் அதன் புள்ளிகள் ஆறுமடங்கு அணிக்கோவையில் அமர்ந்திருக்கின்றன. கால்சைட்டிலும் மும்மடங்குதான், ஆனால் அது சாய்சதுர அணிக்கோவை. படிகத்தின் சமச்சீரை வைத்துப் பிரித்தால் ஒரு கணக்கு, அணிக்கோவையை வைத்துப் பிரித்தால் வேறொரு கணக்கு. எப்படிப் பிரித்தாலும் அணிக்கோவைகள் பதினான்குதான்.

இந்தப் பதினான்கின் மீது முதல் பெரிய அடி விழுந்தது 1982 ஏப்ரல் 8 அன்று. அமெரிக்கத் தேசிய அளவைப் பணியகத்தில் டான் ஷெக்ட்மன், உருகிய நிலையிலிருந்து சட்டென்று உறையவைத்த அலுமினிய-மாங்கனீசுக் கலவையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். விளிம்புவிளைவுப் படத்தில் கூர்மையான பொட்டுகள் ஒரு வட்டத்தில் பத்து நின்றன. கூர்மையான பொட்டு என்றால் ஒழுங்கு. பத்து என்றால் 2cosθ முழுஎண் அல்ல. இரண்டும் சேர்ந்து வர முடியாது என்பதுதான் மேலே நாம் போட்ட கணக்கு.

சந்தேகப்பட்டவர்களிடம் வலுவான ஒரு மாற்று விளக்கம் இருந்தது, அதைச் சும்மா பிடிவாதம் என்று தள்ளிவிடக் கூடாது. பொன் துகளில் அது தினமும் நடக்கிறது. முகப்பு மையக் கனசதுரமான பொன்னிலிருந்து ஐந்து நான்முகித் துண்டுகள் ஒரே விளிம்பைப் பகிர்ந்து இரட்டைகளாக ஒட்டிக்கொண்டால், ஐங்கோணத் துகள் ஒன்று உருவாகும். ஒவ்வொரு துண்டின் கோணமும் 70.53 பாகை. ஐந்தும் சேர்ந்தால் 352.65. மிச்சம் 7.35 பாகை இடைவெளியை உலோகம் கொஞ்சம் இழுபட்டு அடைத்துக்கொள்கிறது. மொத்தத் துகளிலிருந்து படம் எடுத்தால் ஐந்துமடங்கு தெரியும். உள்ளே இருப்பது சாதாரணக் கனசதுரம் ஐந்து. ஷெக்ட்மனின் கலவையும் இப்படி இரட்டைகள் ஒட்டியதே என்று லைனஸ் பாலிங் கடைசிவரை வாதிட்டார்.

பிரித்தறிய வழி உண்டு. கற்றையை ஒரு துண்டுக்குள் அடங்கும் அளவுக்குக் குறுக்கினால், இரட்டைப் படிகத்தில் ஐந்துமடங்கு மறைந்து சாதாரணப் படம் வெளிப்படும். அல்லது ஒரு பொட்டின் ஒளியை மட்டும் எடுத்துப் படம் பிடித்தால், ஒரு துண்டு மட்டும் ஒளிர்ந்து மற்றவை இருட்டாக நிற்கும். ஷெக்ட்மன் இரட்டைகளைத் தேடினார், அகப்படவில்லை. பொட்டுகளின் இடைவெளியும் வேறு கதை சொல்லியது. அணிக்கோவை உள்ள படிகத்தில் ஒரு திசையில் போகப் போகப் பொட்டுகள் சம தூரத்தில் வரும். இங்கே அவை 1.618 மடங்காகப் பெருகிப் பெருகிச் சென்றன. கட்டுரை 1984 நவம்பரில்தான் வெளிவந்தது. 1987-இல் ஜப்பானில் ட்சாய் குழுவினர் அலுமினியம், செம்பு, இரும்பு சேர்த்துச் செய்த கலவை, அவசர உறைவின் தயவில்லாமல் நிலைத்து நின்றது. 2011-இல் ஷெக்ட்மனுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் பிராவேயின் கணக்கு பொய்யாகவில்லை. அது எந்தப் புள்ளியில் நின்றாலும் ஒரே காட்சி என்ற நிபந்தனையிலிருந்து புறப்பட்டது. ஷெக்ட்மனின் பொருளில் அந்த நிபந்தனை இல்லை. உடைந்தது வேறொரு நம்பிக்கை: கூர்மையான பொட்டு வந்தால் உள்ளே மீள்வரிசை இருந்தே தீரும் என்பது. பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியம் 1992-இல் படிகத்தின் வரையறையை மாற்றி எழுதியபோது, மீள்வரிசையை விட்டுவிட்டுத் தனித்தனிப் பொட்டுகளையே அடையாளமாக வைத்தது.

முழுஎண் நிபந்தனையும் இங்கே சாகவில்லை, வீடு மாறியது. மூன்று பரிமாணத்தில் 72 பாகையின் 0.618 நம்மைத் தடுத்தது. நான்கு பரிமாணத்தில் ஒரு சுழற்சி இரண்டு தளங்களில் ஒரே நேரத்தில் திருப்பலாம். ஒன்றில் 72 பாகை, மற்றதில் 144 பாகை என்று வைத்தால் மூலைவிட்டக் கூட்டுத்தொகை 0.618 − 1.618, அதாவது −1. முழுஎண்! அங்கே ஐந்துமடங்கு அணிக்கோவை தாராளமாக உண்டு. அங்கே பிராவே வகைகளின் எண்ணிக்கையும் 14 அல்ல, 64. ஷெக்ட்மனின் கலவையில் ஐந்துமடங்கு அச்சு ஆறு திசைகளில் நிற்பதால் நான்கும் போதாது, ஆறு பரிமாணம் வேண்டும். இன்று அத்தகைய பொருளின் விளிம்புவிளைவுப் படத்தை அலசுபவர், உப்புக்கோ இண்டியத்துக்கோ பொட்டு ஒன்றுக்கு மூன்று முழுஎண்கள் எழுதுவதைப் போல, இதற்குப் பொட்டு ஒன்றுக்கு ஆறு முழுஎண்கள் எழுதிக்கொள்கிறார்.